மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?

ஹோலி கிரெயில் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது ஒரு கோப்பைதான். இயேசு இறுதி இராவுணவில் கையில் எடுத்த கோப்பை எங்கோ மறைந்து கிடக்கிறது, ஆர்தர் அரசரின் வீரர்கள் காடும் மலையுமாக அலைகிறார்கள், தகுதி உள்ள ஒருவன் கடைசியில் அதைக் கண்டடைகிறான். ஆனால் இந்தக் கதையை முதலில் எழுதியவர் என்று நாம் அறிந்திருக்கும் பிரெஞ்சுக் கவிஞரிடம் போனால், வரிசை தலைகீழாக இருக்கிறது. அங்கே நாயகன் கிரெயிலைத் தேடிப் போகவே இல்லை. ஓர் இரவு தங்குவதற்கு இடம் கேட்டுப் போன வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அது அவன் கண்ணெதிரே போகிறது. ஒரு தடவை மட்டுமல்ல, புதிதாக ஒரு பதார்த்தம் பரிமாறப்படும் ஒவ்வொரு தடவையும் போகிறது. மறுநாள் காலையில்தான் தேடல் தொடங்குகிறது.

முதலில் கண்டுவிட்டு, பிறகு தேடுவது. பல ஆண்டுகளாக என்னை இந்தக் கதையிடம் திரும்பத் திரும்ப இழுப்பது இந்த வரிசைதான்.

கவிஞரின் பெயர் க்ரெத்தியன் த த்ருவா. 1180களில், ஃபிளாண்டர்ஸ் பிரபு ஃபிலிப்புக்காக அவர் இதை எழுதத் தொடங்கினார். ஒன்பதாயிரம் அடிகளைத் தாண்டிய பிறகு, ஒரு காட்சியின் நடுவிலேயே கவிதை நின்றுபோகிறது.

நாயகன் பெர்செவால், வேல்ஸ் நாட்டுக் காட்டுக்குள் வளர்ந்த பையன். அவன் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் வீரர் வாழ்க்கை தின்றுவிட்டது. மிஞ்சிய ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று, ஆயுதம், குதிரைவீரன் என்ற பேச்சே காதில் விழாதபடி அம்மா அவனை வளர்க்கிறாள். ஒரு நாள் காட்டில் கவசம் பளபளக்க வந்த வீரர்களைப் பார்த்து, தேவதூதர்கள் என்று நினைத்துவிடுகிறான் பையன். அதன் பிறகு அவனைத் தடுக்க முடியவில்லை. கிளம்புகிறான். அம்மா சில புத்திமதிகள் சொல்லி அனுப்புகிறாள். அவற்றுள் ஒன்று, வழியில் யாரோடாவது பழகினால் அவர் பெயர் என்ன என்று கேட்காமல் இருக்காதே என்பது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறான். பாலத்தின் தலைப்பில் அம்மா விழுந்து கிடக்கிறாள், செத்தவளைப் போல. அவன் குதிரையைச் சாட்டையால் அடித்து வேகமாகப் போய்விடுகிறான். கவிஞர் இதை இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் வாசிப்பில் நாமும் அவரோடு நகர்ந்துவிடுவோம்.

பிறகு கோர்னெமான் என்ற மூத்த வீரரிடம் பெர்செவால் ஆயுதப் பயிற்சி பெறுகிறான். அவர் நல்லவர். வெகுளியான பையன் சபையில் தலைகுனியக் கூடாதே என்று இரண்டு அறிவுரை சொல்கிறார்: அதிகம் பேசாதே; எதற்கெடுத்தாலும் 'எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்' என்று சொல்வதை நிறுத்து. 'கேள்' என்ற அம்மாவின் வாக்கின் மீது 'வாயை மூடு' என்ற வாத்தியாரின் வாக்கு வந்து உட்காருகிறது. இப்படி இரண்டு புத்திமதிகளைச் சுமந்துகொண்டுதான் அவன் அந்த இரவு விருந்துக்குப் போகிறான்.

ஆற்றில் படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் வீட்டில் தங்கச் சொல்கிறார். அங்கே போனால், அதே மனிதர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். எழுந்து வரவேற்க முடியவில்லை, மன்னித்துக்கொள் என்கிறார். விருந்தாளிக்கு ஒரு வாளைப் பரிசளிக்கிறார். பேசிக்கொண்டிருக்கையில் ஓர் அறையிலிருந்து ஓர் இளைஞன் வெள்ளை ஈட்டி ஒன்றை ஏந்தி வருகிறான். ஈட்டியின் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் வழிந்து அவன் கைவரை இறங்குகிறது. பின்னால் இரண்டு பேர் பொன் விளக்குத்தண்டுகளோடு வருகிறார்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து மெழுகுவர்த்தி. அவர்களோடு ஒரு பெண், இரண்டு கையாலும் ஒரு கிரெயிலைத் தாங்கி வருகிறாள். அதிலிருந்து வீசும் ஒளியில் மெழுகுவர்த்திகள் சூரியன் வந்தபின் விண்மீன்கள் போல மங்கிவிடுகின்றன. கடைசியாக இன்னொரு பெண் வெள்ளித் தட்டோடு வருகிறாள். எல்லோரும் கூடத்தைக் கடந்து வேறோர் அறைக்குள் போய்விடுகிறார்கள்.

இங்கே கிரெயில் என்பது கோப்பையே இல்லை. பெரிய வீட்டு விருந்தில் மீன் வைத்துக் கொண்டுவரும் அகன்ற, சற்றே குழிந்த பாத்திரம். க்ரெத்தியன் அதை 'ஒரு கிரெயில்' என்றுதான் அறிமுகப்படுத்துகிறார், உலகத்தில் இருக்கும் பல கிரெயில்களில் ஒன்று என்பது போல. பொன்னால் ஆனது, மணிகள் பதித்தது, ஆனாலும் சாப்பாட்டுப் பாத்திரம். ஆகவே இயல்பாக எழும் கேள்வியும் சாப்பாட்டுக் கேள்விதான்: இது யாருக்குப் போகிறது?

பெர்செவாலுக்கும் அந்தக் கேள்வி எழுகிறது. நாக்கு நுனிவரை வருகிறது. அதிகம் பேசாதே என்றாரே என்ற நினைவு வந்து அடக்கிக்கொள்கிறான். மிளகு போட்ட மான் தொடை பரிமாறப்படுகிறது. கிரெயில் மறுபடியும் போகிறது. அடுத்த பதார்த்தம், மறுபடியும் போகிறது. காலையில் கிளம்பும்போது வேலைக்காரர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து சாப்பாட்டில் இறங்குகிறான்.

காலையில் வீட்டில் ஆள் இல்லை. கதவைத் தட்டுகிறான், பதில் இல்லை. குதிரை மட்டும் சேணத்தோடு தயாராக நிற்கிறது. வெளியேறும்போது தூக்குப்பாலம் குதிரையின் காலடியிலேயே மேலெழும்புகிறது; குதிரை தாவியதால் தப்பிக்கிறான். யார் பாலத்தைத் தூக்கியது என்று கத்துகிறான். அப்போதுதான் அவன் வாயிலிருந்து கேள்வி வருகிறது, பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்.

வழியில் ஒரு மரத்தடியில், தலை வெட்டப்பட்ட காதலனின் உடலை மடியில் வைத்து அழும் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவள் அவன் உறவுக்காரி. எங்கே தங்கினாய், ஈட்டியைப் பார்த்தாயா, ஏன் இரத்தம் சிந்துகிறது என்று கேட்டாயா, கிரெயில் யாருக்குப் போகிறது என்று கேட்டாயா என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். கேட்கவில்லை, கேட்கவில்லை என்கிறான். உன் பெயர் என்ன என்கிறாள். தன் பெயரே தெரியாத அவன் அந்தக் கணத்தில் ஊகித்து, 'பெர்செவால்' என்கிறான். வாசகருக்கும் அவன் பெயர் இப்போதுதான் தெரிகிறது. அவள் விளக்குகிறாள்: நீ கேட்டிருந்தால் அந்த ராஜா குணமாகியிருப்பார். போரில் ஒரு வேல் அவருடைய இரண்டு தொடைகளையும் துளைத்துவிட்டது. குதிரை ஏற முடியாததால்தான் மீன் பிடித்துப் பொழுது போக்குகிறார். நீ கேட்காமல் போனதற்குக் காரணம் உன் அம்மா விஷயத்தில் நீ செய்த பாவம். உன் அம்மா துக்கத்தில் இறந்துவிட்டாள்.

இந்த இணைப்பு முதலில் எனக்கு அநியாயமாகப் பட்டது. அம்மாவை விட்டுவிட்டு வந்ததற்கும் விருந்தில் வாயைத் திறக்காததற்கும் என்ன தொடர்பு? திரும்பப் படித்தபோது இரண்டு காட்சியும் ஒன்றாகவே தெரிந்தன. பாலத்தருகே விழுந்தவளைக் கண்ணால் கண்டான், கடந்து போனான். கட்டிலிலிருந்து எழ முடியாத மனிதரைக் கண்ணால் கண்டான், அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டான், கடந்து போனான். இரண்டு இடத்திலும் அவனுக்கு வேண்டியதெல்லாம் எதிரேயே இருந்தது. ஒரு வேளை அந்த இரவு கிரெயிலையே அவன் கையில் கொடுத்திருந்தாலும், அழகான பாத்திரம் என்று வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பான்.

பிறகு ஆர்தரின் சபைக்குக் கோவேறு கழுதையில் ஒரு கோரமான பெண் வருகிறாள். எல்லோருக்கும் முன்னால் பெர்செவாலைச் சபிக்கிறாள்: உன் மௌனத்தால் நிலங்கள் பாழாகும், பெண்கள் கணவரை இழப்பார்கள். கூடவே, வெளியே காத்திருக்கும் சாகசங்களையும் அறிவிக்கிறாள். ஆர்தரின் வீரர்களில் ஒருவனான கவைன் எழுந்து, முற்றுகையில் சிக்கிய ஒரு பெண்ணை மீட்பேன் என்கிறான். மற்றவர்களும் புகழ் தரும் காரியங்களாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெர்செவால் மட்டும், கிரெயில் யாருக்குப் பரிமாறப்படுகிறது, ஈட்டி ஏன் இரத்தம் சிந்துகிறது என்று தெரியும்வரை ஒரே கூரையின் கீழ் இரண்டு இரவு படுக்க மாட்டேன் என்று சபதம் செய்கிறான். கிரெயிலைக் கொண்டுவருவேன் என்று அவன் சொல்லவில்லை. அவன் தேடிப் போவது தான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை.

ஐந்து ஆண்டுகள் போகின்றன. கவிஞர் இவற்றைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார்: அறுபது வீரர்களை வென்று ஆர்தரிடம் அனுப்பினான், கடவுளை நினைக்கவில்லை, ஒரு கோயிலுக்குள்ளும் நுழையவில்லை. பிறகு ஒரு நாள், வெறுங்காலோடு நடந்து வரும் ஒரு கூட்டம் அவனை நிறுத்துகிறது. இன்று என்ன நாள் தெரியுமா, இன்று ஆயுதம் தரிக்கலாமா என்று கேட்கிறார்கள். அன்று புனித வெள்ளி. அவனுக்கு நாளே தெரியவில்லை. அழுதுகொண்டே அவர்கள் காட்டிய வழியில் ஒரு வனத்துறவியிடம் போகிறான்.

அந்தத் துறவி அவனுடைய தாய்மாமன். பெர்செவால் ஐந்து ஆண்டு தேடியதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிறார். கிரெயில் போவது மீனவ ராஜாவின் வயதான தந்தைக்கு. அவர் என் அண்ணன், உன் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர். அந்தப் பாத்திரத்தில் மீன் இருப்பதாக நினைக்காதே. ஒரே ஒரு நற்கருணை அப்பம்தான். அந்த ஓர் அப்பத்தில்தான் கிழவர் ஆண்டுக்கணக்காக அந்த அறையைவிட்டு வெளியே வராமல் உயிர் வாழ்கிறார்.

பதில் கிடைத்துவிட்டது. தேடியது விடைதான் என்றால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் எதுவும் மாறவில்லை. ராஜா அதே கட்டிலில் அதே காயத்தோடு கிடக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது பெர்செவால் விஷயம் தெரிந்துகொள்வது இல்லை. அவர் எதிரே நின்று ஒருவன் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தூரத்தில் இருக்கும் இன்னொரு மாமனின் குடிசையில் செய்துவிட முடியாது. க்ரெத்தியன் பெர்செவாலைத் துறவியிடம் விட்டுவிட்டு கவைன் கதைக்குத் திரும்புகிறார், அதன் நடுவில் நின்றுவிடுகிறார். பெர்செவால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனானா என்பதை அவர் எழுதவில்லை.

பாதியில் நின்ற கதையை யாராலும் சும்மா விட முடியவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் நான்கு பேர் அதை நீட்டினார்கள். மொத்த நீளம் மூல நூலைப் போலப் பல மடங்கு ஆயிற்று. முதல் தொடர்ச்சியில் கவைன் கிரெயில் வீட்டுக்குப் போகிறான், தயங்காமல் கேள்வியும் கேட்கிறான், ராஜா பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறான். கேட்க மட்டும் தெரிந்தால் போதாது என்று அந்தப் பெயர் தெரியாத கவிஞருக்குப் புரிந்திருக்கிறது.

இன்னொரு திசையில், 1200 வாக்கில் ரொபேர் த பொரோன் என்பவர் கிரெயிலை இறுதி இராவுணவின் பாத்திரமாக்கினார்; சிலுவையில் சிந்திய இரத்தத்தை, இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு அதில்தான் ஏந்தினார் என்று எழுதினார். நாம் அறிந்த புனிதக் கிண்ணம் அங்கேதான் பிறக்கிறது. பொருள் இவ்வளவு புனிதமானதும், அதைப் பெறுபவனும் மாசற்றவனாக வேண்டியதாயிற்று. 1220களைச் சேர்ந்த உரைநடை நூல் ஒன்றில் அந்த இடத்துக்கு கலஹாட் வருகிறான். அவன் எதையும் தவறவிடுவதில்லை. சாரஸ் என்ற நகரில் கிரெயிலின் உள்ளே பார்க்கிறான், இனி வாழ விருப்பமில்லை என்று வேண்டிக்கொள்கிறான், இறந்துவிடுகிறான். வானத்திலிருந்து ஒரு கை இறங்கி வந்து கிரெயிலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நூலின் தொடக்கத்தில் வீரர்கள் ஒவ்வொருவரும் பாதையே இல்லாத இடமாகப் பார்த்து, தனித்தனியாகக் காட்டுக்குள் நுழையும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். கலஹாட் மீது எனக்குப் பக்தி உண்டு, பாசம் இல்லை. தேடல் அவனை எங்கேயும் மாற்றுவதில்லை, வந்தபடியே போகிறான்.

கதைக்கு வெளியே, பொருளைக் கையில் வைத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். 1101இல் சிசேரியா நகரைப் பிடித்த ஜெனோவாக்காரர்கள் அறுகோணப் பச்சைப் பாத்திரம் ஒன்றைக் கொள்ளைப் பங்காகக் கொண்டுவந்தார்கள். ஒரே மரகதத்தில் குடைந்தது என்று நம்பினார்கள். நாளடைவில் அதுதான் இறுதி இராவுணவின் பாத்திரம் என்றும் சொல்லப்பட்டது. நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குப் போய், 1816இல் உடைந்த நிலையில் திரும்பி வந்தது. அது கண்ணாடி. இன்றும் ஜெனோவா பேராலய அருங்காட்சியகத்தில், ஒட்டவைக்கப்பட்டு, ஒரு துண்டு குறைவாக இருக்கிறது. எழுநூறு ஆண்டு வைத்திருந்ததில் அதைப் பற்றி அந்த நகரம் கற்றுக்கொண்டது, அது எதனால் ஆனது என்பது மட்டும்தான்.

க்ரெத்தியன் விட்ட இடத்தை உண்மையில் புரிந்துகொண்டவர் என்று நான் நினைப்பது, வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் என்ற ஜெர்மானியக் கவிஞரை. 13ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் அடிகளில் அவர் இந்தக் கதையை முழுமையாக்கினார். அவருடைய நாயகன் பார்ட்சிஃபால். அவரிடம் கிரெயில் ஒரு கல். உணவு தரும், இளமை தரும். அதைக் கண்டவருக்கு அந்த வாரத்துக்குள் சாவு இல்லை.

இந்த வரத்தை அவர் என்ன செய்கிறார் பாருங்கள். ராஜா அன்ஃபோர்டாஸுக்கு விஷ ஈட்டியால் அரையில் காயம். வலி தாங்காமல் சாக நினைக்கிறார். ஆனால் சுற்றியிருப்பவர்கள் அவரைக் கிரெயில் முன்னால் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதனால் அவர் சாவதில்லை. கிரெயில் அவரைக் குணப்படுத்தவில்லை, வலியை நீட்டித்துக்கொண்டிருக்கிறது. பாம்புக்கடி மருந்து, சொர்க்கத்து ஆறுகளின் நீர், பெலிக்கன் இரத்தம், ஒற்றைக்கொம்பன் குதிரையின் இதயம் என்று எல்லாம் முயன்றாகிவிட்டது. ஒன்றும் பலிக்கவில்லை. உலகத்தின் உயர்ந்த பொருள் அந்த வீட்டிலேயே இருக்கிறது, வீட்டுக்காரர் கதறிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு இல்லாதது வெளியிலிருந்து வந்து கேட்கும் ஒரு மனிதன். ஒரு வீரன் வருவான், தானாகவே கேட்டால் ராஜா குணமாவார், யாராவது அவனைத் தூண்டினால் பலிக்காது என்று கிரெயிலில் எழுத்து தோன்றியிருக்கிறது. விருந்தின்போது கூடத்தில் இருந்த ஒருவரும் பையனுக்கு ஜாடைகூடக் காட்டாமல் இருந்ததன் காரணம் இது.

பார்ட்சிஃபாலும் முதல் இரவில் தவறவிடுகிறான், சபிக்கப்படுகிறான், கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டு நாலரை ஆண்டுகள் அலைகிறான். ஒரு புனித வெள்ளியன்று, கடவுளுக்கு வழி தெரிந்தால் அவரே நடத்தட்டும் என்று கடிவாளத்தைத் தளரவிடுகிறான். குதிரை அவனைத் துறவி ட்ரெவ்ரிட்சென்டிடம் கொண்டுபோகிறது. அவரும் தாய்மாமன்தான். அன்ஃபோர்டாஸ் இன்னொரு தாய்மாமன். குகையில் இரண்டு வாரம் தங்கி, கிழங்கும் கீரையும் தின்றுகொண்டு, பார்ட்சிஃபால் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறான்: காயம் எப்படிப் பட்டது, என்ன மருந்து தோற்றது, என்ன கேள்வி வேண்டியிருந்தது. கிரெயிலை யாராலும் சண்டை போட்டு வாங்க முடியாது, அது அழைத்தால்தான் உண்டு என்றும் துறவி சொல்கிறார். பார்ட்சிஃபால் கேட்டுக்கொள்கிறான், ஆனாலும் தேடுவதை விடவில்லை.

கடைசியில் அழைப்பு வருகிறது. அவன் பெயர் கல்லில் தோன்றியிருக்கிறது. அந்த வீட்டுக்குள் மறுபடியும் நுழைகிறான். கிரெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு, அந்தத் திசை நோக்கி மூன்று முறை மண்டியிட்டு, அன்ஃபோர்டாஸின் துன்பம் தீர வேண்டும் என்று அழுதுகொண்டே வேண்டுகிறான். எழுந்து, கிரெயிலை விட்டுவிட்டு மனிதரிடம் திரும்புகிறான். "மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது?"

அவருக்கு என்ன செய்கிறது என்பது அவனுக்கு மிக நன்றாகத் தெரியும். தெரிந்த பிறகும் கேட்கிறான். முதல் இரவில் தெரியாமல் இருந்தும் கேட்கவில்லை. நாலரை ஆண்டு அலைச்சல் கொடுத்தது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. க்ரெத்தியனின் கேள்வி பாத்திரத்தைப் பற்றியது. வோல்ஃப்ராம் அதைக் காயம்பட்டவர் பக்கம் திருப்பிவிட்டார். அன்ஃபோர்டாஸ் குணமாகிறார். கிரெயிலின் அரசுரிமையும் பார்ட்சிஃபாலுக்குக் கிடைக்கிறது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பிறகு அது எனக்கு ஒரு நிர்வாகச் செய்தி போலத்தான் படுகிறது. துறவிக்கும் வியப்பு. கடவுளிடமே அடம்பிடித்து வாங்கிவிட்டாயே, இப்படி நடந்து நான் பார்த்ததில்லை என்கிறார்.

வோல்ஃப்ராம் அதோடு நிறுத்தாமல் ஒரு சின்னக் கதை சேர்க்கிறார், அதை நான் இன்னும் செரித்துக்கொள்ளவில்லை. ஒரு கேள்விக்காக அன்ஃபோர்டாஸ் அத்தனை காலம் வலியில் காத்திருந்ததால், கிரெயில் கூட்டத்துக்குக் கேள்வி என்றாலே கசந்துபோகிறது. வெளியூருக்கு அனுப்பப்படும் வீரனிடம் யாரும் பெயரோ குலமோ கேட்கக் கூடாது, கேட்டால் அவன் அங்கே இருக்க மாட்டான் என்று கிரெயிலில் புதிய எழுத்து தோன்றுகிறது. பார்ட்சிஃபாலின் மகன் லோஹெரான்க்ரின், அன்னம் இழுத்து வரும் படகில் பிரபான்ட் நாட்டுக்குப் போய், அதை ஆண்ட சீமாட்டியை மணந்து, குழந்தைகளோடு வாழ்கிறான். ஒரு நாள் அவள் அன்பினால் கேட்டுவிடுகிறாள், நீங்கள் யார் என்று. மறுபடியும் அன்னம் வருகிறது, அவன் கிளம்பிவிடுகிறான். அவள் செய்தது, பெர்செவாலின் அம்மா மகனைச் செய்யச் சொன்னதைத்தான்: பழகுகிறவர் பெயரைக் கேள். அத்தனை பாடுபட்டுக் கேட்கக் கற்ற ஒருவனின் வீட்டிலேயே, அடுத்த தலைமுறையில், கேட்டவள் தண்டிக்கப்படுகிறாள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வோல்ஃப்ராமும் அதை நியாயம் என்று வாதாடவில்லை.